வீட்டு வருமானம் குறைந்தபின் வங்கிக்கு எழுதும் கடிதம்

கடனைத் திருத்தி அமைக்கக் கேட்டு எழுதும் கடிதத்தை நாம் கிளை மேனேஜரிடம் கொடுக்கிறோம். முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர் அல்ல. தவணைக்காலத்தை நீட்டும், தவணையைக் குறைக்கும் அதிகாரம் மண்டல அலுவலகத்தில் இருக்கும். கிளை ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பும். அங்கே கோப்பைப் பிரிப்பவர் பூதலூர் ஸ்டேஷனில் இறங்கியிருக்க மாட்டார், உங்கள் வீட்டையும் பார்த்திருக்க மாட்டார். வேறு மாநிலத்துக்காரராகக்கூட இருக்கலாம். எந்தத் தேதியில் எந்த வருமானம் நின்றது, இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும், அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்ற மூன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். நம்மவர்கள் எழுதும் கடிதங்களில் இந்த மூன்றைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். "தாங்கள் கருணை கூர்ந்து" என்று தொடங்கி மூன்று பக்கம் போகும், ஒரு ரூபாய்க் கணக்கு இருக்காது. கருணைக்கு மண்டல அலுவலகத்தின் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். பூதலூர்ப் பக்கத்தில் நிறையப் பேருக்குப் பொருந்தக்கூடிய வீடுதான், விளக்கத்துக்காகச் சொல்வது. கணவர் தினமும் காலை ரயிலில் திருவெறும்பூர் போய், துவாக்குடியில் பெல் நிறுவனத்தின் ஆர்டர்களை நம்பி நடக்கும் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வெல்டராக வேலை பார்த்தார். மாதம் 22,000 ரூபாய் சம்பளம். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு. வீட்டுக்கடனில் மீதி 6,00,000 ரூபாய், வட்டி 9 சதவீதம், இன்னும் 96 மாதம் பாக்கி, தவணை 8,790 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. ஆர்டர் குறைந்து செப்டம்பர் 30ஆம் தேதியோடு வேலை போயிற்று. அக்டோபர்த் தவணையை சேமிப்பிலிருந்து கட்டியாயிற்று. நவம்பர் 5க்குப் பணம் இல்லை.

கடிதம் எழுதும் முன் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். மீதிக் கடனை வட்டி விகிதத்தால் பெருக்கி 1,200ஆல் வகுத்தால் ஒரு மாத வட்டி வரும். இந்த வீட்டுக்கு 6,00,000 × 9 ÷ 1,200, அதாவது 4,500 ரூபாய். மாதம் இதற்குக் கீழே கட்டினால் அசல் குறையாது என்பது மட்டுமல்ல, கடன் ஏறும். ஆகவே வங்கியிடம் கேட்கும் தொகைக்கு இதுதான் அடித்தளம். "மாதம் 2,000 கட்டுகிறேன்" என்று எழுதினால், கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கிக்கொள்ள அனுமதி கேட்கிறோம் என்றுதான் அந்த அதிகாரி படிப்பார். வட்டிகூட முடியாத நிலை என்றால் அதையும் சொல்லலாம். ஆனால் எத்தனை மாதத்துக்கு, பிறகு அது எப்படி மாறும் என்று எழுதியாக வேண்டும்.

இனி வீட்டின் பக்கத்துக் கணக்கு. சராசரி மாதத்தை எடுக்காதீர்கள், மோசமான மாதத்தை எடுங்கள். வெல்டிங் பட்டறைகளில் நாள் கூலிக்குப் போனால் மழை மாதத்தில் 10,000 ரூபாய் கிடைக்கும் என்று வைப்போம். பாலில் தீவனச் செலவு போக 5,500, மகளிர் உரிமைத் தொகை 1,000, ஆக 16,500 ரூபாய். செலவு: சாப்பாடும் வீட்டுச் செலவும் 7,000, மகளின் கல்லூரிச் செலவு 2,200, மாமியாரின் மருந்து 1,300, மகளிர் குழுக்கடன் தவணை 1,200, ஆக 11,700. மிச்சம் 4,800. மாத வட்டியான 4,500ஐ இது தாங்குகிறது, 300 ரூபாய் கையில் நிற்கும். குழுக்கடன் ஏப்ரலில் முடிகிறது. சம்பா அறுவடை பிப்ரவரியில் நடந்து கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்குக்கு வந்தால், செலவு போக 40,000 ரூபாய் தேறும்.

குழுக்கடனையும் நகைக்கடனையும் எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. சிபில் அறிக்கையில் இருப்பதை வங்கி எப்படியும் பார்க்கும். மறைத்தது ஒன்று தெரிந்துவிட்டால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து கோரிக்கை தானாகவே வடிவெடுக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு மாதம் வட்டி மட்டும், 4,500. மே மாதத்திலிருந்து 156 மாதத் தவணை, அப்போது மாதம் சுமார் 6,540. ஏப்ரலில் குழுக்கடன் முடிந்துவிடுவதால் மே மாதத்தில் மிச்சம் 6,000 ஆகும். குறையும் 540 ரூபாயை ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெல் பணம் ஈடுகட்டும். இதற்கு விலை உண்டு. எட்டு ஆண்டில் முடிய வேண்டிய கடன் பதின்மூன்றரை ஆண்டு ஓடும், வட்டி மட்டும் சுமார் 2 லட்சம் ரூபாய் கூடும். ஆனால் மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. வேலை திரும்பிய பிறகு கூடுதலாகக் கட்டினால் இந்த 2 லட்சத்தில் பெரும்பகுதி குறையும்.

மறுசீரமைப்பு என்று கேட்பதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கடனாளியின் நிதி நெருக்கடிக்காக வங்கி சலுகை தந்தால் அது மறுசீரமைப்பு. ஒழுங்காக இருந்த கணக்குகூட பொதுவாக அன்றே வாராக்கடன் வகைக்கு இறங்கிவிடும். குறைந்தது ஓராண்டு தவறாமல் கட்டிய பிறகுதான் மேலே ஏற முடியும். சிபிலிலும் பதிவாகும். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டிலும் 2021 மே மாதத்திலும் ரிசர்வ் வங்கி அறிவித்த திட்டங்களில் இந்த இறக்கத்துக்கு விலக்கு இருந்தது. அந்தத் திட்டங்களின் காலம் முடிந்துவிட்டது. "அப்போது என் தம்பிக்குச் செய்தார்களே" என்று எழுதுவதால் பயனில்லை.

நெருக்கடிச் சலுகை இல்லாமலே தவணை குறையும் வழி ஒன்று பலருக்கு இருக்கிறது. ரெப்போ வட்டி 2025இல் 6.50 சதவீதத்திலிருந்து 5.25க்கு இறங்கியது. மாறும் வட்டிக் கடன்களில் வட்டி குறையும்போது வங்கிகள் வழக்கமாகத் தவணைத் தொகையை அப்படியே வைத்து மாதங்களைக் குறைத்துவிடும். 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைக்குப் பிறகு, வட்டி மாறும்போது தவணையோ காலமோ எப்படி மாறுகிறது என்று வங்கி கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே முதலில் கிளையில் கேட்க வேண்டியது, "என் கடனுக்கு இப்போது வட்டி எவ்வளவு, பழைய முடிவுத் தேதியை வைத்துக்கொண்டால் தவணை எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதிலேயே தாங்கும் தொகை வந்துவிட்டால் மறுசீரமைப்புக் கடிதமே தேவைப்படாது. நம் உதாரண வீட்டுக்கு அது போதவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பயிர்க்கடனை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். அதன் பாதை வேறு. 2016இல் காவிரியில் தண்ணீர் போதாமல் சம்பா காய்ந்தபோது, 2017 ஜனவரி 10 அன்று முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். பயிர்க்கடன்களை மத்தியகாலக் கடனாக மாற்றுவதும் அந்த அறிவிப்பில் இருந்தது. பயிர்க்கடனுக்கு அப்படித்தான் நடக்கும்: அரசு அறிவிப்பு வரவேண்டும், விளைச்சல் இழப்பு 33 சதவீதமாவது இருக்கவேண்டும், அதன்பின் வங்கிகள் பகுதி பகுதியாகக் காலத்தை மாற்றும். அப்படி மாற்றினால் கணக்கு வாராக்கடனாக இறங்காது என்பது பெரிய வேறுபாடு. 2023இல் மேட்டூர் ஜூன் 12 திறந்து அக்டோபர் 10இல் மூடியது போன்ற ஆண்டுகளில் விவசாயிகள் அறிவிப்புக்குக் காத்திருப்பதும் இதனால்தான். சம்பளம் நின்ற வீட்டுக்கு எந்த அரசு அறிவிப்பும் வராது. அந்த வீட்டார் தங்கள் கடிதத்தைத் தாங்களே எழுத வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண், கூட்டுக் கடனாளியான மனைவியின் பெயரும்)

பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி), பூதலூர் கிளை

நாள்: அக்டோபர் 27

பொருள்: வீட்டுக்கடன் கணக்கு எண் (......) – வேலை இழப்பால் தவணையைத் திருத்தி அமைக்கக் கோருதல்

ஐயா,

மேற்படி கடனில் அக்டோபர் 5 வரையிலான தவணைகள் அனைத்தும் கட்டப்பட்டுள்ளன. நான் வேலை பார்த்த துவாக்குடி நிறுவனத்தில் ஆர்டர் குறைந்ததால் செப்டம்பர் 30ஆம் தேதியோடு என் வேலை போய்விட்டது. மாதம் 22,000 ரூபாய் வருமானம் நின்றுவிட்டது. வரும் நவம்பர் 5 முதல் 8,790 ரூபாய் தவணையை முழுதாகக் கட்ட இயலாது.

தற்போது எங்கள் மாத வருமானம் குறைந்தபட்சம் 16,500 ரூபாய். மற்றக் கடன்களின் தவணை உட்பட வீட்டுச் செலவு 11,700 ரூபாய். விவரம் இணைப்பில் உள்ளது. பிப்ரவரியில் சம்பா நெல் விற்பனையில் செலவு போக சுமார் 40,000 ரூபாய் எதிர்பார்க்கிறோம். மகளிர் குழுக்கடன் ஏப்ரலில் முடிகிறது.

எனவே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாத வட்டியான 4,500 ரூபாய் மட்டும் பெற்றுக்கொண்டு, மே முதல் மீதி அசலை 156 மாதங்களில் சுமார் 6,540 ரூபாய் வீதம் கட்ட அனுமதிக்க வேண்டுகிறோம். இதனால் மொத்த வட்டி கூடும் என்பதை அறிவோம். கடன் முடியும்போது எனக்கு வயது 58 ஆகும். முடிவு தெரியும் வரை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் 4,500 ரூபாயைக் கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்துவோம். இந்தக் காலத்துக்கான அபராதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும், எழுத்துப்பூர்வமான பதில் தரவும் வேண்டுகிறோம்.

(இருவர் கையொப்பம்)

இணைப்பு: வருங்கால வைப்பு நிதி பாஸ்புக் நகல், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், பால் சங்க அட்டை நகல், சிட்டா, குழுக்கடன் அட்டை நகல், வரவு செலவு விவரம் ஒரு பக்கம்.

கடிதத்தில் வயதைச் சேர்த்ததற்குக் காரணம், கடன் காலத்தை நீட்டும்போது வங்கி முதலில் பார்ப்பது கடனாளி எந்த வயது வரை கட்டவேண்டியிருக்கும் என்பதையே. அபராதக் கட்டணத்தைப் பற்றிய வரியும் வெறும் சம்பிரதாயமில்லை. 2024 முதல் தாமதத்துக்குக் கூடுதல் வட்டி போட வங்கிக்கு இடமில்லை, தனிக் கட்டணமாகத்தான் போட முடியும், அதற்கு மேல் வட்டியும் ஏற்ற முடியாது. தனியாக நிற்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது வங்கிக்கு எளிது.

ஆதாரங்களில் சிக்கல் வரும் இடம் வேலை இழப்புதான். இந்த மாதிரி யூனிட்டுகளில் பலர் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை பார்ப்பவர்கள். வேலையை விட்டு நிறுத்தியதற்குக் கடிதம் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். வைப்பு நிதி பாஸ்புக்கில் கடைசியாகப் பணம் விழுந்த மாதம் தெரியும், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த கடைசித் தேதி தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வரிகளில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தால், முதலாளியின் கடிதம் இல்லாமலே விஷயம் விளங்கிவிடும். வரவு செலவுப் பக்கத்தை எண்கள் பளிச்சென்று தெரிகிற மாதிரி அட்டவணையாக எழுதுங்கள். தமிழ் படிக்காத அதிகாரியும் கூட்டிப் பார்க்க முடியும்.

இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் வங்கியின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "வச்சுட்டுப் போங்க சார், பாத்துக்கலாம்" என்பார்கள். சீல் போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இது மரியாதைக் குறைவாகாது. பின்னால் நாள் எண்ண வேண்டி வரும்போது அந்தச் சீல்தான் தொடக்கம்.

நாள் எண்ணுவது எதற்கு என்றால், கடிதம் கொடுத்ததால் கடிகாரம் நிற்பதில்லை. தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதற்கு முன்பே 30, 60 என்று வங்கி உள்ளுக்குள் குறித்துக்கொண்டே வரும். நவம்பர் 5 தவணையிலிருந்து எதுவுமே கட்டாவிட்டால் பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த எல்லை வந்துவிடும். பதில் வரும்வரை காத்திருக்கலாம் என்று சும்மா இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மாதாமாதம் 4,500 கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வரும் பணம் வழக்கமாக மிகப் பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவாகும். நவம்பரில் 4,500 போக 4,290 பாக்கி. டிசம்பரில் கட்டுவது அந்த 4,290ஐத் தீர்த்துவிடும், நவம்பர்த் தவணை முடிந்தது. இனி பழைய பாக்கி என்பது டிசம்பருடையது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கட்டினால் டிசம்பர் தீர்ந்து ஜனவரித் தவணை பழைய பாக்கியாக நிற்கும். இப்படிப் பாதிப் பாதியாகக் கட்டியே 90 நாள் எல்லையை ஏப்ரல் தொடக்கம் வரை தள்ளலாம். அதற்குள் நெல் பணம் வந்துவிடும். எல்லையைத் தாண்டிவிட்டால் ஒரு தவணை கட்டி மீள முடியாது. பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆனால் அந்த 4,500ஐ சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தானியங்கிக் கழிப்பு 8,790 கேட்கும். பணம் போதாவிட்டால் உத்தரவு திரும்பிவிடும், திரும்பியதற்கும் கட்டணம் விழும். கவுன்ட்டரில் கடன் கணக்கு எண்ணைச் சொல்லி நேராகக் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் நிலையத்துப் பணமும் அதே சேமிப்புக் கணக்கில் வந்தால் பாக்கி மொத்தமாகக் கழிக்கப்படலாம். குறுவைக்கோ அடுத்த சம்பாவுக்கோ ஒதுக்கிய பணமும் அதோடு போய்விடும். நெல் விற்கும்போது எந்தக் கணக்கு எண் தருகிறோம் என்பதை அறுவடைக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நேரத்தில் கிளையிலிருந்தே ஒரு யோசனை வரக்கூடும்: "பழைய பாக்கியைக் கட்ட ஒரு டாப்-அப் கடன் எடுத்துக்கலாமே." அல்லது தாலிச் சங்கிலியை வைத்து நகைக்கடன். ஒரே ஒரு மாதத் தட்டுப்பாடு என்றால் அது சரிதான். சம்பளமே நின்ற வீட்டில் அது இரண்டாவது தவணையைச் சேர்க்கும், முதலாவதைக் குறைக்காது.

வங்கி சம்மதித்தால் ஒரு திருத்த அனுமதிக் கடிதம் வரும். அதில் வட்டி விகிதம் மாறியிருக்கிறதா, வட்டி மட்டும் கட்டிய ஆறு மாதத்தில் ஏதாவது அசலில் சேர்க்கப்பட்டிருக்கிறதா, கட்டணமோ புதிய காப்பீடோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஜாமீன்தாரர் இருந்தால் அவரும் கையெழுத்திட வேண்டும். அவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் ஊரில் பேச்சு வேறு மாதிரி ஆகும். தானியங்கிக் கழிப்புத் தொகை எந்த மாதத்திலிருந்து மாறும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அனுமதி வந்த பிறகும் பழைய தொகையே கழிக்கப்பட்டு, அது திரும்பி, கட்டணம் விழுவது அடிக்கடி நடக்கிறது.

மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் எழுதலாம். அங்கேயும் மறுத்தால், அல்லது பதில் வராமல் 30 நாள் கடந்தால், ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் பதியலாம், 14448 எண்ணில் கேட்கலாம். தவணையைக் குறைத்தே தீரவேண்டும் என்று ஒம்புட்ஸ்மேன் வங்கிக்கு உத்தரவிட மாட்டார், அது வங்கியின் வணிக முடிவு. பதில் தராதது, முறையற்ற கட்டணம், காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூல்காரர் போன் செய்வது போன்றவைதான் அவர் எல்லைக்குள் வரும். புகாரை அப்படியே எழுதுங்கள்.

கணக்கு வாராக்கடனாகி சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ் வந்துவிட்டாலும் கடிதத்துக்கு வேலை இருக்கிறது. அந்த நோட்டீஸ் 60 நாள் அவகாசம் தரும். அதற்கு நீங்கள் எழுதும் ஆட்சேபணையை வங்கி பரிசீலித்து, ஏற்காவிட்டால் காரணத்தை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முன்பு கொடுத்த கடிதத்தின் சீல் வைத்த நகலையும், மாதம் 4,500 கட்டிய ரசீதுகளையும் அதோடு இணைத்து, அதே தவணைக் கோரிக்கையை இன்றைய மீதித் தொகைக்குத் திருத்தி அனுப்புங்கள். விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் பாயாது, அடமானமாக இருக்கும் வீட்டின் மீது பாயும்.